வரைபடத் தாளில் ஆற்றல் பட்டைகள்

ஆற்றல் பட்டை வரைபடத்தில் இரண்டு செவ்வகங்களும் அவற்றுக்கு நடுவே ஒரு வெற்று இடமும் இருக்கும். கீழ்ச் செவ்வகம் இணைதிறன் பட்டை. அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் அதற்குள் அடங்கும். மேல் செவ்வகம் கடத்துப் பட்டை. அந்த ஆற்றலை எட்டிய எலக்ட்ரான் படிகத்துக்குள் தடையின்றி உலவலாம். நடுவில் உள்ள வெற்று இடம் விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி. தூய படிகத்தில் எந்த எலக்ட்ரானும் அந்த ஆற்றலோடு நிலைத்திருக்க முடியாது.

படத்தைப் படிக்கும்போது செங்குத்து அச்சை மறக்கக் கூடாது. அது எலக்ட்ரானின் ஆற்றலைக் காட்டுகிறது, இடத்தையோ உயரத்தையோ அல்ல. இடைவெளி என்றதும் படிகத்துக்குள் ஏதோ வெற்றுப் பள்ளம் இருப்பதாகவும், எலக்ட்ரான் அதைத் தாண்டிக் குதிப்பதாகவும் பல மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் எலக்ட்ரான் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஆற்றலில் மட்டும் உயரலாம். கிடைமட்ட அச்சு படிகத்துக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் வரையிலான தொலைவைக் குறிக்கும். படிகம் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் பட்டைகளின் விளிம்புகள் நேர்கோடுகளாகவே ஓடும், அந்த அச்சுக்குப் பெரிய வேலை இராது.

தனித்து நிற்கும் ஓர் அணுவில் எலக்ட்ரான்களுக்குப் பட்டைகள் கிடையாது, தனித்தனி ஆற்றல் மட்டங்களே உண்டு. இரண்டு சோடியம் அணுக்களை நெருக்கிக் கொண்டுவந்தால் ஒவ்வொரு வெளி மட்டமும் சற்றே வேறுபட்ட இரண்டாகப் பிளக்கும். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பவுலியின் தவிர்ப்புத் தத்துவத்தை மீறாமல் எலக்ட்ரான்கள் இந்த மட்டங்களில் அமர்கின்றன. மூன்று அணுக்கள் என்றால் மூன்று மட்டங்கள். ஒரு கன சென்டிமீட்டர் படிகத்தில் கோடி கோடி கோடிக் கணக்கில் அணுக்கள் இருப்பதால் மட்டங்களும் அத்தனை ஆகிவிடுகின்றன. அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் அளக்கவே முடியாத அளவுக்குச் சிறிது என்பதால், கோடு கோடாக வரையாமல் முழுவதையும் நிழலிட்டு ஒரே பட்டையாக வரைகிறார்கள். 1928-இல் ஃபெலிக்ஸ் பிளாக் படிகத்துக்குள் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்பதைக் குவாண்டம் இயற்பியலால் விளக்கினார். அதை வைத்துக் கடத்தியையும் மின்காப்பானையும் பிரிக்கும் விதியை 1931-இல் எழுதியவர் ஆலன் வில்சன்.

வில்சனின் விதி சுருக்கமானது. முழுதும் நிரம்பிய பட்டை மின்சாரத்தைக் கடத்தாது, ஓரளவு நிரம்பிய பட்டை கடத்தும். எலக்ட்ரான்கள் இருந்தும் மின்சாரம் ஓடாதது எப்படி என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. எல்லா இருக்கைகளும் நிரம்பிய திரையரங்கில் இருவர் இடம் மாற்றிக்கொண்டாலும் கூட்டம் ஒரு பக்கமாக நகர்ந்ததாகாது. நிரம்பிய பட்டையிலும் வலப்புறம் செல்லும் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் எதிராக இடப்புறம் செல்லும் ஓர் எலக்ட்ரான் உண்டு. மின்புலம் அந்தச் சமநிலையைக் குலைக்க வேண்டுமானால் சில எலக்ட்ரான்களைப் பக்கத்திலுள்ள காலி நிலைக்குத் தள்ள வேண்டும். பட்டையில் காலி நிலையே இல்லை என்றால் தள்ள வழியில்லை.

சோடியத்தின் படத்தை வரைவது எளிது. அதன் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் மட்டுமே உண்டு, அந்த மட்டத்திலோ இரண்டுக்கு இடம் இருக்கிறது. ஆகவே ஒரு செவ்வகம் வரைந்து கீழ்ப்பாதிக்கு மட்டும் நிழலிட்டால் போதும். நிழல் முடியும் கோடுதான் ஃபெர்மி மட்டம். அதற்குச் சற்று மேலேயே காலி நிலைகள் தொடங்குவதால் மிகச் சிறிய மின்னழுத்தம்கூட எலக்ட்ரான்களை நகர்த்திவிடும். தாமிரமும் இதே வகைதான். அதில் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம், கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 85 கோடி கோடி கோடி எலக்ட்ரான்கள் மின்சாரத்துக்குத் தயாராக நிற்கின்றன.

சிக்கல் அடுத்த தனிமத்தில் வருகிறது. மெக்னீசியத்தின் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள். இரண்டு இடமும் நிரம்பிவிட்டதால் விதிப்படி அது மின்காப்பானாக இருக்க வேண்டும். ஆனால் மெக்னீசியம் நல்ல உலோகம். நிரம்ப வேண்டிய பட்டையின் மேல் பகுதியும், அதற்கு மேலுள்ள காலிப் பட்டையின் கீழ்ப் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுதான் இதற்குக் காரணம். கீழ்ப் பட்டை முழுதாக நிரம்பும் முன்பே சில எலக்ட்ரான்கள் மேல் பட்டைக்குள் வழிந்துவிடுகின்றன. இரண்டு பட்டைகளும் ஓரளவே நிரம்பியவை ஆகின்றன. பாடநூல்களில் கடத்தி என்றாலே இரண்டு செவ்வகங்களை ஒன்றோடொன்று ஏற்றி வரைந்துவிடுவார்கள். அது மெக்னீசியத்தின் படம். சோடியத்துக்கும் தாமிரத்துக்கும் பாதி நிரம்பிய ஒற்றைச் செவ்வகமே போதும்.

அந்தப் பாடநூல் படத்தில் இன்னொரு குறையும் உண்டு. கடத்தி, குறைகடத்தி, மின்காப்பான் என்று மூன்று படங்களை அடுத்தடுத்துப் போட்டு, ஒன்றில் இடைவெளி இல்லாமலும், ஒன்றில் சிறிதாகவும், ஒன்றில் பெரிதாகவும் காட்டுவார்கள். அளவுத்திட்டம் எதுவும் இராது. பார்ப்பவருக்கு இவை மூன்றும் ஒரே ஏணியின் மூன்று படிகள் போலத் தோன்றும். மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாளில் அளவெடுத்து வரைந்தால் கதை மாறிவிடும்.

ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 2 சென்டிமீட்டர் என்று அளவுத்திட்டம் வைக்கலாம். ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே ஒரு எலக்ட்ரான் வோல்ட். வரைவதற்குத் தனிம அட்டவணையின் ஒரே நெடுவரிசையைச் சேர்ந்த மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வது நல்லது: கார்பனின் படிகமான வைரம், சிலிக்கான், ஜெர்மேனியம். மூன்றிலும் அணுவுக்கு நான்கு வெளி எலக்ட்ரான்கள். மூன்றிலும் ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு ஒரே விதமாகப் பிணைந்திருக்கிறது. கீழ்ப் பட்டையில் அணுவுக்கு நான்கு இடம், மேல் பட்டையில் நான்கு இடம். நான்கு எலக்ட்ரான்களும் கீழேயே அடங்கிவிடுவதால் கீழ்ப் பட்டை முழுதாக நிரம்பி, மேல் பட்டை காலியாகிறது. வரைபடத்தின் அமைப்பில் மூன்றுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபடுவது இடைவெளியின் உயரம் மட்டுமே.

அறை வெப்பநிலையில் ஜெர்மேனியத்தின் இடைவெளி 0.67 எலக்ட்ரான் வோல்ட், ஆகவே தாளில் 1.3 சென்டிமீட்டர். சிலிக்கானுக்கு 1.12, அதாவது 2.2 சென்டிமீட்டர். வைரத்துக்கு ஏறத்தாழ 5.5, அதாவது 11 சென்டிமீட்டர். வைரத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக, இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. சிலிக்கானிலும் ஜெர்மேனியத்திலும் பிணைப்பு நீண்டு தளர்வதால் ஓர் எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்க ஆகும் ஆற்றல் குறைகிறது. சிலிக்கானின் ஆக்சைடையும் வரைய விரும்பினால், அதன் இடைவெளி சுமார் 9 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் தாளில் 18 சென்டிமீட்டர் ஒதுக்க வேண்டும்.

இனி வெப்ப ஆற்றலையும் இதே அளவுத்திட்டத்தில் குறிக்க வேண்டும். 27 டிகிரி செல்சியஸில் அணுக்களின் அதிர்விலிருந்து ஓர் எலக்ட்ரானுக்குச் சராசரியாகக் கிடைக்கக்கூடிய ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் இருக்கும். தாளில் அது அரை மில்லிமீட்டர், 0.5 முனை கொண்ட பென்சிலால் இழுத்த ஒரு கோட்டின் தடிமன். சிலிக்கானின் இடைவெளி அதைப் போல் 43 மடங்கு, வைரத்தினுடையது 200 மடங்குக்கும் மேல். கோட்டின் தடிமன் அளவே ஆற்றல் உள்ள எலக்ட்ரான் 2.2 சென்டிமீட்டர் ஏறுவது நடவாத காரியம் போலத்தான் தெரியும். ஆனால் சராசரி அதுவாக இருந்தாலும், அபூர்வமாகச் சில எலக்ட்ரான்களுக்குப் பல மடங்கு ஆற்றல் வந்து சேரும். எவ்வளவு அபூர்வம் என்பதில்தான் குறைகடத்தியும் மின்காப்பானும் பிரிகின்றன.

இதற்கு எளிய ஒரு கணக்கு உண்டு. தூய படிகத்தில், அறை வெப்பநிலையில், இடைவெளி 0.12 எலக்ட்ரான் வோல்ட் கூடும்போதெல்லாம் மேலே ஏறிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையும். தாளில் அது சுமார் 2.4 மில்லிமீட்டர். ஒவ்வொரு 2.4 மில்லிமீட்டருக்கும் ஒரு பூஜ்ஜியம் போய்விடுகிறது. கணக்கைக் கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ என்ற எண்ணில் தொடங்கலாம். இடைவெளியே இல்லாதிருந்தால் அந்த அளவுக்கு எலக்ட்ரான்கள் மேலே இருந்திருக்கும். சிலிக்கானின் 2.2 சென்டிமீட்டரில் ஒன்பதுக்குச் சற்று மேல் பூஜ்ஜியங்கள் கழிந்து, மீதம் ஏறத்தாழ 10¹⁰, அதாவது ஆயிரம் கோடி. அளந்து பார்த்த எண்ணும் அதை ஒட்டியே இருக்கிறது. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் அதே கன சென்டிமீட்டரில் 50 கோடி கோடி கோடி சிலிக்கான் அணுக்கள் இருப்பதால், 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான்தான் மேலே போயிருக்கிறது. தாமிரத்தில் அணுவுக்கு ஒன்று.

ஜெர்மேனியத்தின் இடைவெளி சிலிக்கானைவிட 9 மில்லிமீட்டர்தான் குறைவு. அதற்கே எலக்ட்ரான்கள் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் அதிகமாகிவிடுகின்றன. தொடக்ககால டிரான்சிஸ்டர் வானொலிகளில் இருந்த ஜெர்மேனியம் பாகங்கள் சூடேறினால் சொன்னபடி கேட்காமல் போனதற்கும், பிறகு சிலிக்கான் அவற்றின் இடத்தைப் பிடித்ததற்கும் இந்த 9 மில்லிமீட்டர் ஒரு முக்கியக் காரணம்.

வைரத்தின் 11 சென்டிமீட்டரில் 46 பூஜ்ஜியங்கள் கழிகின்றன. 10¹⁹-இலிருந்து கழித்தால் வருவது 10⁻²⁷. இதன்படி ஒரேயொரு எலக்ட்ரானை மேலே காண 10²⁷ கன சென்டிமீட்டர் தூய வைரம் வேண்டும். பூமியின் கன அளவு ஏறத்தாழ அதுவேதான். பூமி அளவுள்ள வைரக் கட்டியில் வெப்பத்தால் மேலேறி நிற்கும் எலக்ட்ரான் ஒன்றோ சிலவோ இருக்கலாம். சிலிக்கானுக்கும் வைரத்துக்கும் இடைவெளியில் ஐந்து மடங்கு வித்தியாசம்தான். விளைவிலோ முப்பத்தாறு பூஜ்ஜியங்கள்.

மேலே போன எலக்ட்ரான் கீழ்ப் பட்டையில் ஒரு காலியிடத்தை விட்டுச் செல்கிறது. அதற்கு மின்துளை என்று பெயர். பக்கத்து எலக்ட்ரான் அதில் வந்தமர, காலியிடம் எதிர்த்திசையில் நகர்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று நகர்வதைப் போலவே கணக்குப் போடலாம். ஆகவே தூய சிலிக்கானின் படத்தில் மேல் பட்டையின் அடிவிளிம்பில் நிரப்பிய புள்ளிகளும், கீழ்ப் பட்டையின் மேல்விளிம்பில் அதே எண்ணிக்கையில் வெற்று வட்டங்களும் வரைய வேண்டும். புள்ளி மூன்று, வட்டம் இரண்டு என்று போட்டால் படம் தவறு. ஃபெர்மி மட்டத்தை இடைவெளியின் நடுவில் விட்டுவிட்டு இழுத்த கோடாகக் காட்டுவார்கள். அந்தக் கோட்டின்மேல் எலக்ட்ரானை வரைவதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு நிலை அந்த ஆற்றலில் இருந்திருந்தால் அது நிரம்பியிருக்கப் பாதி வாய்ப்பு உண்டு என்பதே கோட்டின் பொருள். தூய படிகத்தின் இடைவெளியில் நிலை எதுவும் இல்லாததால் அங்கே எலக்ட்ரானும் இல்லை.

வரைந்த படம் சரிதானா என்பதை வெப்பத்தை வைத்துச் சோதிக்கலாம். 27 டிகிரியிலிருந்து கொதிநீரின் வெப்பநிலைக்குச் சூடாக்கினால் தாமிரக் கம்பியின் மின்தடை முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறவில்லை. அதிரும் அணுக்கள்தான் அவற்றின் வழியைக் கூடுதலாகக் குலைக்கின்றன. தூய சிலிக்கானிலோ அதே வெப்பநிலை உயர்வில் மேலேறிய எலக்ட்ரான்கள் ஏறத்தாழ நூறு மடங்காகின்றன, மின்தடை சரிகிறது. சூடானால் மின்தடை குறையும் பொருளை 1833-இலேயே ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டிருந்தார். பட்டைகள் என்ற கருத்து வரும்வரை அது விளங்காமலே கிடந்தது. மறுபக்கம், வெப்பநிலையைத் தனிச்சுழி நோக்கிக் குறைத்தால் சிலிக்கானில் மேலே எலக்ட்ரானே இராது. அந்தக் குளிரில் தூய சிலிக்கான் ஒரு மின்காப்பான்.

இந்தச் சோதனையைக் கடையில் வாங்கிய சிலிக்கான் துண்டில் செய்தால் பெரும்பாலும் எதிர்மாறான விடை வரும், சூடாக்க மின்தடை மெல்லக் கூடும். துண்டு தூய்மையாக இல்லாததே காரணம். அதில் வேண்டுமென்றே மாசூட்டியிருப்பார்கள். ஐம்பது லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று வீதம் பாஸ்பரஸ் அணுவைச் சேர்த்ததாகக் கொள்ளலாம். பாஸ்பரஸுக்கு ஐந்து வெளி எலக்ட்ரான்கள். நான்கு பிணைப்புக்குப் போக, மிஞ்சிய ஒன்று தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் ஆற்றல் மட்டம் கடத்துப் பட்டையின் விளிம்புக்கு 0.045 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கீழே. தாளில் 0.9 மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமன் 0.5 என்பதை நினைவில் கொண்டால், அறை வெப்பநிலையில் அநேகமாக எல்லா பாஸ்பரஸ் எலக்ட்ரான்களும் மேலே போய்விடுவதில் வியப்பில்லை. கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ எலக்ட்ரான்கள் வந்து சேர்கின்றன. தூய சிலிக்கானில் இருந்ததைப் போல் பத்து லட்சம் மடங்கு. எல்லாம் ஏற்கெனவே மேலே போய்விட்டதால், மேலும் சூடாக்கும்போது எண்ணிக்கை கூடாது. தாமிரத்தைப் போல அணு அதிர்வின் விளைவு மட்டுமே தெரியும்.

பாஸ்பரஸ் மட்டத்தைத் தொடர்கோடாக இழுக்காமல் விட்டுவிட்டு வரையும் சிறு கோடுகளாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. பாஸ்பரஸ் அணுக்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால் அவற்றின் மட்டங்கள் சேர்ந்து பட்டையாவதில்லை. ஒவ்வொரு கோடும் ஓர் அணு நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. ஃபெர்மி மட்டமும் நடுவில் நில்லாமல் 0.36 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 7 மில்லிமீட்டர் மேலேறும். மூன்று வெளி எலக்ட்ரான்கள் உள்ள போரானைச் சேர்த்தால் படம் தலைகீழாகும். கோடுகள் இணைதிறன் பட்டைக்குச் சற்று மேலே அமைந்து, அங்கிருந்து எலக்ட்ரான்களை ஏற்று மின்துளைகளை விட்டுவைக்கும்.

கண்ணாலேயே செய்யத்தக்க இன்னொரு சோதனையும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்பின் ஆற்றல் சுமார் 1.65 எலக்ட்ரான் வோல்ட், ஊதாவின் ஆற்றல் சுமார் 3.1. அளவுத்திட்டத்தில் 3.3 சென்டிமீட்டரும் 6.2 சென்டிமீட்டரும். அந்த நீளங்களில் இரண்டு காகிதக் கீற்றுகளை வெட்டி இடைவெளிகளின் மேல் வைத்துப் பார்க்கலாம். வைரத்தின் 11 சென்டிமீட்டரை ஊதாக் கீற்றாலும் எட்ட முடியாது. ஒளியை விழுங்க எலக்ட்ரானுக்கு வழியில்லாததால் அது கடந்து போகிறது, வைரம் ஒளி ஊடுருவும் கல்லாகிறது. சிலிக்கானின் 2.2 சென்டிமீட்டரைச் சிவப்புக் கீற்றே தாண்டிவிடும். எல்லா நிறங்களும் விழுங்கப்படுவதால் சிலிக்கான் ஒளிபுகாத கருஞ்சாம்பல் கட்டி. காட்மியம் சல்ஃபைடின் இடைவெளி 2.4 எலக்ட்ரான் வோல்ட், இரண்டு கீற்றுகளுக்கும் நடுவில் விழுகிறது. நீலமும் ஊதாவும் விழுங்கப்பட, மீதி நிறங்கள் சேர்ந்து அது மஞ்சளாகத் தெரிகிறது.

அளவெடுத்து வரைந்த தாளைப் பார்த்தால் ஒன்று புலப்படும். உலோகத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது, பட்டை நிரம்பியதா இல்லையா என்பதைப் பொறுத்தது. குறைகடத்திக்கும் மின்காப்பானுக்கும் அப்படியோர் எல்லைக்கோடு கிடையாது. மூன்று எலக்ட்ரான் வோல்ட் என்று சில நூல்கள் கோடு போட்டாலும் அது வசதிக்காகப் போட்டதுதான். 3.4 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள காலியம் நைட்ரைடு இன்று நீல எல்இடி விளக்குகளில் குறைகடத்தியாக வேலை செய்கிறது. வைரத்திலும் போரான் கலந்தால் மின்சாரம் ஓடும். நீல வைரங்களின் நிறத்துக்கே அந்தப் போரான்தான் காரணம்.

இந்தப் படம் சொல்லாதவையும் உண்டு. சிலிக்கானில் எலக்ட்ரான் மேலிருந்து கீழே விழும்போது ஆற்றல் மட்டுமன்றி உந்தமும் மாற வேண்டியிருப்பதால் அது எளிதில் ஒளியை உமிழ்வதில்லை. எல்இடி விளக்குக்குச் சிலிக்கான் உதவாததன் காரணத்தை இரண்டு செவ்வகங்களிலிருந்து ஊகிக்கவே முடியாது. ஆற்றலை உந்தத்துக்கு எதிராக வரையும் வேறு வகைப் படம் அதற்கு வேண்டும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையும் இந்தப் படத்தில் சரிவர இடம்பெறுவதில்லை. நிக்கல் ஆக்சைடின் பட்டையை எளிய முறையில் வரைந்தால் அது முழுதும் நிரம்பாததாக, உலோகத்தின் படமாக வரும். கையில் இருப்பதோ மின்சாரம் கடத்தாத பச்சைத் தூள். 1937-இல் டி போயரும் வெர்வேயும் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். ஓர் அணுவில் கூடுதலாக ஓர் எலக்ட்ரான் வந்து சேர்ந்தால் அங்கிருப்பவை அதைத் தள்ளும் விசையே நகர்வை முடக்கிவிடுகிறது என்ற விளக்கத்தைப் பெயர்ல்ஸும் மாட்டும் முன்வைத்தார்கள். அத்தகைய பொருள்கள் இன்று மாட் மின்காப்பான்கள் என்று தனி வகையாக வைக்கப்படுகின்றன.